தானே ஆறும் நோய்க்கு ஏன் அவசரம்?

பார்வை நரம்பு அழற்சி பற்றிய இக்கருத்தரங்கின் தொடக்கத்தில், நம்மிடையே அடிக்கடி எழும் ஒரு கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலும் தானே குணமாகும் நோய்க்கு ஏன் இத்தனை அவசரம்?

முப்பது வயதுப் பெண் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இடக்கண்ணை அசைத்தால் உள்ளே வலிக்கிறது. இரண்டாம் நாள் பார்வை மங்குகிறது. சிவப்பு நிறம் அந்தக் கண்ணுக்கு மட்டும் வெளிறித் தெரிகிறது. கண் சிவக்கவில்லை. விழித்திரையைப் பார்த்தால் நரம்பு முனையிலும் வீக்கமில்லை. மூன்றில் இரண்டு பேருக்கு அழற்சி கண்ணின் பின்னால்தான் இருக்கும் என்பதால், இந்த இயல்பான தோற்றம் நம்மை ஏமாற்றும். கண்ணை அசைக்கும் தசைகளில் சில, நரம்பின் உறையை ஒட்டியே தொடங்குகின்றன. தசை இழுக்கும்போது வீங்கிய உறையும் இழுபடுவதால் வலி வருகிறது. டார்ச் ஒளியை இரு கண்களுக்கும் மாறிமாறிக் காட்டினால், இடக்கண்ணில் ஒளி படும்போது கண்மணி சுருங்காமல் விரியும். ஒரு கண் மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால், வேறு கருவி ஏதுமின்றி நோயைக் காட்டிக்கொடுக்கும் குறி இது. இரு கண்களும் ஒரே அளவில் பாதிக்கப்பட்டிருந்தால் இக்குறி மறைந்துவிடும் என்பதையும் மறக்கக்கூடாது.

அவசரம் வேண்டாம் என்போர் 1992-இல் முடிவுகள் வெளியான அமெரிக்க ஆய்வைச் சுட்டுவார்கள். 457 நோயாளிகளிடம் நடந்த அதில், சிரைவழி ஸ்டீராய்டு பார்வை மீள்வதை விரைவுபடுத்தியது. ஆனால் ஓராண்டு கழித்து இருந்த பார்வையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இது உண்மையே. ஆனால் அந்த ஆய்வு நடந்த காலத்தில் அக்வாபோரின்-4 எதிர்ப்பொருள் கண்டறியப்படவில்லை. அந்த எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்கு அழற்சி கடுமையாக வரும். பார்வை தானாக மீளும் என்று காத்திருக்க முடியாது. சிகிச்சை தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் இழப்பு நிலைத்துப்போகும் வாய்ப்பு கூடும். மாக் எதிர்ப்பொருள் உள்ளவர்கள் நன்றாக மீண்டாலும், ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். முதல் நாளில் இவர்களும் அந்தப் பெண்ணைப் போலவே வருவார்கள். எனவே நம் அவசரம், தானே ஆறக்கூடியவரையும் ஆறாதவரையும் பிரித்தறியும் அவசரம்.

அப்படியானால் உடனே ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். கூடாது. அதே ஆய்வில், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 மில்லிகிராம் வீதம் மாத்திரை மட்டும் பெற்றவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பியது. மூளையின் எம்.ஆர்.ஐ. படமும் காத்திருக்கக்கூடாது. அந்த நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்ததில், படத்தில் தழும்பு ஒன்றாவது இருந்தவர்களில் 72 விழுக்காட்டினருக்குப் பதினைந்து ஆண்டுகளில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வந்தது. தழும்பே இல்லாதவர்களில் 25 விழுக்காடு. இரு கண்களிலும் பாதிப்பு, பார்வை அறவே போதல், சில வாரங்களில் மீளத் தொடங்காமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் எதிர்ப்பொருள் சோதனை வேண்டும்; கடுமையாக இருந்தால், முடிவு வரும்வரை சிகிச்சையை நிறுத்திவைக்கக்கூடாது. முதல் நாளில் நோயாளியைச் சந்திப்பவர் கையில் டார்ச் மட்டுமே இருக்கலாம். அவர் எப்போது, யாரிடம் அனுப்ப வேண்டும் என்பதை இன்றைய அமர்வுகள் முடிவு செய்யட்டும் என்று கூறி, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.