காலிப்பர் அணிந்த காலும் நடுவயதும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மெட்ரிகுலேஷனோடு நின்றுவிட்ட எனக்கு இலக்கியம் பேசும் தகுதி இல்லை. மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கிய என் இடக்காலைப் பற்றி ஓரளவு அறிவேன். அதைப் பற்றியே பேச முன்வந்துள்ளேன்.

இந்நோய் தசையை இயக்கும் நரம்பணுக்களைத்தான் அழிக்கிறது. தொடு உணர்ச்சியை அழிப்பதில்லை. ஆகவே காலிப்பர் உறுத்தினால் நமக்கு நன்றாக வலிக்கும். அந்த வலியைப் பொறுத்துக்கொள்வதைச் சிலர் வீரமென்று கருதுகின்றனர். மெலிந்து குளிர்ந்திருக்கும் அக்காலில் இரத்த ஓட்டம் குறைவாதலால், சிறு புண்ணும் ஆற நாளாகும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

இரவில் காலிப்பரைக் கழற்றியதும் விளக்கொளியில் தோலைப் பாருங்கள். பின்புறத்திற்குக் கண்ணாடி வேண்டும். பட்டை பதிந்த சிவப்பு அரை மணி நேரத்தில் மறைந்தால் கவலையில்லை. மறையாவிட்டால் அவ்விடத்தில் அழுத்தம் மிகுதி என்று பொருள். எனக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புற எலும்பு முண்டின்மேல் அத்தகைய சிவப்பு ஒருமுறை தோன்றியது. பலர் அங்கே பஞ்சைத் திணிப்பார்கள். அது அழுத்தத்தைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது. காலிப்பர் செய்பவரிடம் சென்றேன். வியர்வையில் விறைத்துப்போன தோற்பட்டையை அவர் மாற்றினார். பக்கக் கம்பியையும் சிறிது வெளிப்புறம் வளைத்தார். சிவப்பு அடங்கும்வரை நான் காலிப்பர் அணியவில்லை. நாள்தோறும் காலைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, சுருக்கமில்லாத பருத்திக் காலுறை அணிந்த பின்னரே பட்டையைக் கட்டுகிறேன். பட்டைக்கடியில் எண்ணெய் தடவுவதில்லை. அது தோலை ஊறவைத்து எளிதில் கிழியச் செய்யும்.

இனி, களைப்பு. நாற்பதைக் கடந்தபின், பிற்பகலில் என் தொடை நடுங்கலாயிற்று. நல்ல காலென்று நான் நம்பியிருந்த வலக்காலும் தளர்ந்தது. இதனை மருத்துவர்கள் 'போஸ்ட் போலியோ சிண்ட்ரோம்' என்பர். கிருமி திரும்பி வந்ததன்று. பிறருக்குத் தொற்றவும் தொற்றாது. காலியான இடம் நிரப்பப்படாத அலுவலகத்தில் எஞ்சிய குமாஸ்தா இரண்டு மேசை வேலையையும் பார்ப்பதில்லையா? அவ்வாறே, பிழைத்த நரம்பணுக்கள் இறந்தவற்றின் தசை நார்களையும் சேர்த்துப் பல்லாண்டு இயக்கி, இறுதியில் சோர்கின்றன என்று கருதப்படுகிறது. 2014-இல் நம் நாடு போலியோ அற்றதெனச் சான்று பெற்றது. ஆகவே இளம் மருத்துவர் பலர் இதனைக் கண்டிருக்கமாட்டார்கள். சிறுவயதில் வாதம் வந்ததை நாமே சொல்லவேண்டும். இரத்தசோகை, தைராய்டு, உறக்கக் கோளாறு ஆகியவை இல்லையெனச் சோதித்த பின்னரே இம்முடிவுக்கு வருவார்கள்.

"நன்றாக நடந்தால் சரியாகிவிடும்" என்று அன்பர்கள் கூறுவர். தசை ஓயும்வரை நடந்தால் பலவீனம் மிகும். மருத்துவர் சொல்லும் இலேசான பயிற்சி போதும்; மறுநாளும் வலி நீடித்தால் அதனையும் குறைக்கவேண்டும். களைத்தபின் ஓய்வெடுப்பதைவிடக் களைக்குமுன் ஓய்வெடுப்பது பயன் தரும். நான் பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் பத்து நிமிடம் காலை நீட்டி அமர்கிறேன். முக்காலியில் அமர்ந்து குளிக்கிறேன். மேம்பாலப் படி ஏறும் நாளில் கடைத்தெருவுக்குச் செல்வதில்லை. அன்று காய்கறி வாங்குவது என் மகனின் பொறுப்பு.