அலகுகளை எண்ணிப் பாருங்கள்

இறத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் ஏறும் பாதையில் மிளகுத் தோட்டம் வைத்திருக்கும் 45 வயதுக்காரர் ஒருவர், அலகு இணைந்த ஆயுள் காப்புறுதியில் வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். அவர் இறந்தால் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கிடைக்கும். கணக்குப் புரிவதற்காக நான் எடுத்துக்கொண்ட தொகைகள் இவை.

முதலில் ஒதுக்கீட்டுக் கட்டணம். முதல் வருடம் அது 30 வீதம் என்றால், முகவரின் தரகும் விற்பனைச் செலவும் பெரும்பாலும் அதிலிருந்துதான் போகும். மீதி 70,000 ரூபாய்க்குத்தான் அலகு வாங்கப்படுகிறது. அலகு 10 ரூபாயானால் 7,000 அலகுகள்.

அடுத்தது இறப்புக் காப்புக்கான கட்டணம். நிதியில் 70,000 இருப்பதால், அவர் இறந்தால் நிறுவனம் தன் கையிலிருந்து போட வேண்டியது 930,000. ஆயிரத்துக்கு 3 ரூபாய்ப்படி வருடத்துக்கு 2,790 ரூபாய். நிர்வாகக் கட்டணம் மாதம் நூறு ரூபாய். இரண்டையும் மாதாமாதம் அவருடைய அலகுகளை விற்றே எடுக்கிறார்கள். வருட முடிவில் ஏறக்குறைய 380 அலகுகள் போயிருக்கும்.

அலகின் விலை அந்த வருடம் 8 வீதம் ஏறி 10.80 ஆகிறது. அறிக்கையில் அது நல்ல வளர்ச்சியாகத் தெரியும். ஆனால் அவருடைய கணக்கில் இருப்பது சுமார் 71,500 ரூபாய்தான். முதல் ஒரு லட்சத்தை மீட்கவே இன்னும் 40 வீதம் வளர வேண்டும். இதற்குமேல் எந்தக் கழிவும் இல்லையென்றாலும், 8 வீதத்தில் நான்கு வருடத்துக்கு மேலாகும். ஆகவே அறிக்கை வந்தால் விலையை மட்டும் பார்க்காமல் அலகுகளை எண்ணுங்கள்.

சந்தை விழுந்தால் அடி இரண்டு பக்கமும் விழும். அலகு 7 ரூபாயானால் நிதி சுருங்கும், நிறுவனத்தின் பொறுப்பு கூடும், காப்புக் கட்டணமும் சற்று ஏறும். அதைக் கட்ட, முன்பு வருடத்துக்கு 279 அலகு விற்றது போய் இப்போது 400க்கு மேல் விற்க வேண்டும். விலை மீண்டாலும் விற்ற அலகுகள் திரும்பி வரா.

இந்தியாவில் இந்த முன்கூட்டிய கழிவுகள் பெரிய சர்ச்சையாகின. 2010 செப்டம்பர் 1 முதல் அங்கே விதிகள் மாறின. கட்டணங்களை முதல் வருடத்தில் குவிக்காமல் ஐந்து வருடப் பூட்டுக்காலத்தில் பரப்ப வேண்டும் என்றார்கள். கட்டணங்களால் வருவாய் குறைவதற்கும் வரம்பு வந்தது: பத்தாம் வருட முடிவில் 3 வீதப் புள்ளி. அதுவரை பெரும்பாலும் தரகுக்குப் போன பணத்தில் ஒரு பங்காவது அலகாக மாறத் தொடங்கியது. எனக்கு அது நியாயமான, ஆனால் தாமதமான திருத்தமாகவே படுகிறது.

கையெழுத்திடுமுன் முகவரிடம் மூன்றைக் கேளுங்கள்: வருடவாரியான ஒதுக்கீட்டு வீதம், வயதுவாரியான காப்புக் கட்டணம், மூன்றாம் வருடம் விட்டால் கைக்கு வரும் தொகை. இறந்தால் பத்து லட்சம் மட்டுமா, அதோடு நிதியும் சேர்த்தா என்றும் கேளுங்கள். நிதியும் சேரும் திட்டமென்றால், நிதி எவ்வளவு வளர்ந்தாலும் நிறுவனத்தின் பொறுப்பு பத்து லட்சமாகவே நிற்கும். வயதோடு காப்புக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும்.