ஐபேட்ல அந்தச் சிவப்பு எரிஞ்சா என்ன அர்த்தம்?

பெரியவங்க நிறைய பேர் என்கிட்ட கேக்கிற கேள்வி இது: "பேரன் ஐபேட்ல ஏதோ அமுக்கிட்டுப் போயிட்டான். மேல ஓரத்துல சிவப்பா ஒண்ணு எரியுது. வைரஸ் வந்துடுச்சா? பேட்டரி போகப் போகுதா?"

ரெண்டும் இல்லை. ஸ்கிரீன்ல தெரியறது எல்லாத்தையும் ஐபேட் இப்போ வீடியோவா எடுத்துக்கிட்டு இருக்கு. அதைத்தான் அந்தச் சிவப்பு சொல்லுது. நீங்க திறக்கிற போட்டோ, படிக்கிற மெயில், நடுவுல மேலிருந்து இறங்கி வர்ற மெசேஜ், அத்தனையும் அந்த வீடியோவுல போய் உட்காரும். அதனால ஸ்கிரீன் ரெக்கார்டிங்கை எப்படி ஆரம்பிக்கிறதுன்னு சொல்றதுக்கு முன்னாடி, எப்படி நிறுத்துறதுன்னு சொல்லிடறேன். இதுல முதல்ல தெரிஞ்சு வெச்சுக்க வேண்டியது அதுதான்.

ஸ்கிரீனோட மேல் விளிம்புல, பேட்டரி அளவு தெரியுது இல்லையா, அந்தப் பக்கமா அந்தச் சிவப்புக் குறி இருக்கும். அது மேலேயே விரலால ஒரு தட்டு தட்டுங்க. ரெக்கார்டிங்கை நிறுத்தவான்னு ஒரு சின்னப் பெட்டி கேக்கும். அதுல Stop-ஐத் தொடுங்க. அவ்வளவுதான், நின்னுடும். எடுத்தது Photos-ல சேர்ந்துடுச்சுன்னு மேல ஒரு அறிவிப்பு வரும். அந்தக் குறி ரொம்பச் சின்னதா இருக்கு, விரல் சரியாப் படலைன்னா வேற வழி இருக்கு. மேல் வலது மூலையிலிருந்து விரலைக் கீழ்ப்பக்கமா இழுங்க. வைஃபை, புளூடூத், வெளிச்சம், சத்தம் எல்லாம் இருக்கிற பலகை ஒண்ணு இறங்கும். அதுக்கு Control Center-னு பேரு. அதுல வட்டத்துக்குள்ள வட்டமா ஒரு பொத்தான் சிவப்பா இருக்கும். அதைத் தொட்டாலும் நின்னுடும்.

இப்போ ஆரம்பிக்கிறதுக்கு வருவோம். ஒரு உதாரணத்தோட சொன்னாத்தான் மனசுல நிக்கும். ஒரு டியூஷன் டீச்சர் இருக்காங்கன்னு வெச்சுக்கோங்க. இன்னிக்கு வராத பிள்ளைங்களுக்கு ஒரு இருபடிச் சமன்பாட்டை ஐபேட்ல எழுதிக் காட்டி, பேசிக்கிட்டே வீடியோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பணும். தனியா எந்த ஆப்பும் வாங்க வேண்டாம். 2017-ல வந்த ஐஓஎஸ் 11-லிருந்தே இந்த வசதி ஐபேட் உள்ளேயே இருக்கு.

டீச்சர் Control Center-ஐ இறக்குறாங்க. அந்த வட்டப் பொத்தான் அங்கே இல்லை. பல ஐபேட்ல அதை நாமதான் ஒரு தடவை கொண்டுவந்து வைக்கணும். ஐபேட்ஓஎஸ் 18-ஓ அதுக்குப் பிறகு வந்ததோ இருந்தா, அந்தப் பலகையோட மேல் மூலையில இருக்கிற கூட்டல் குறியைத் தொட்டு, Add a Control-னு போய், Screen Recording-ஐத் தேடிச் சேர்க்கணும். அதுக்கு முந்தின பதிப்புன்னா Settings-க்குள்ள Control Center-னு ஒரு பகுதி இருக்கும். அங்கே Screen Recording பக்கத்துல இருக்கிற பச்சைக் கூட்டல் குறியைத் தொட்டா வந்துடும்.

பொத்தான் வந்தாச்சு. உடனே தட்டிடாதீங்க. இங்கேதான் பல பேரோட அரைமணி நேர உழைப்பு வீணாப் போகுது. பொத்தானைச் சும்மா ஒரு தட்டு தட்டினா ரெக்கார்டிங் என்னமோ ஆரம்பிச்சுடும், ஆனா மைக் அணைஞ்சே இருக்கலாம். டீச்சர் கணக்கை அழகா எழுதி, விளக்கமாப் பேசி முடிச்சு, வீடியோவைப் போட்டுப் பாத்தா எழுத்து மட்டும் ஓடும், குரலே இருக்காது. அதனால முதல் தடவை அந்தப் பொத்தானை விரலால அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருங்க. பெருசா ஒரு பெட்டி விரியும். அதுல மைக் படம் ஒண்ணு இருக்கும், Microphone Off-னு எழுதியிருக்கும். அதைத் தொட்டா On ஆயிடும். அப்புறமா Start Recording.

தொட்டதும் 3, 2, 1-னு எண்ணும். அந்த 3 விநாடியிலேயே Control Center-ஐ மூடிட்டு, எழுதப் போற பக்கத்துக்கு வந்துடுங்க. அறிவிப்பு எதுவும் வராது. மேல ஓரத்துல அந்தச் சிவப்பு வந்தாச்சுன்னா எடுக்க ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். நீளமான பாடம் எடுக்கிறதுக்கு முன்னாடி, ரெண்டு வாக்கியம் பேசி, நிறுத்தி, போட்டுக் கேட்டுப் பாத்துடுங்கன்னு கண்டிப்பாச் சொல்வேன்.

மைக் விஷயத்துல இன்னொண்ணு. ஒரு தடவை On பண்ணினா, நீங்களா மாத்துற வரைக்கும் அது அப்படியேதான் இருக்கும். நாளைக்கு அதே ஐபேட்ல வீட்டுப் பையன் ஒரு விளையாட்டை ரெக்கார்ட் பண்ணினான்னா, பின்னாடி அப்பாவும் அம்மாவும் வீட்டுக் கடனைப் பத்திப் பேசிக்கிறதும் சேர்ந்தே பதிவாகும். அதை அவன் நண்பர்களுக்கு அனுப்பிட்டும் இருப்பான். வேலை முடிஞ்சதும் மறுபடி அழுத்திப் பிடிச்சு மைக்கை அணைச்சு வைங்க.

சிவப்பு எரியும்போது என்னவெல்லாம் பதிவாகுதுன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. டீச்சர் சமன்பாட்டைக் காரணிப்படுத்திக்கிட்டு இருக்காங்க. அந்த நேரம் பார்த்து மேலிருந்து ஒரு மெசேஜ் இறங்குது. "ரிப்போர்ட் வந்துடுச்சு, சர்க்கரை ஜாஸ்தியா இருக்காம்"னு தம்பி அனுப்பியிருக்கார். அது வீடியோவுல இருக்கும், பிள்ளைங்க எல்லாரும் பாப்பாங்க. ஐபோனும் வெச்சிருக்கிறவங்களுக்கு இன்னும் ஒரு சிக்கல். போனோட Messages அமைப்புல Text Message Forwarding-ஐ ஐபேடுக்கு இயக்கி வெச்சிருந்தா, பேங்க்லேருந்து வர்ற ஓடிபி எஸ்எம்எஸ்ஸும் ஐபேட்ல வந்து இறங்கும். அதனால ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அதே Control Center-ல Focus-ஐத் தொட்டு, பிறை நிலா படம் போட்ட Do Not Disturb-ஐப் போட்டுடுங்க. மெசேஜ் வரும், ஸ்கிரீன்ல குதிக்காது.

எதெல்லாம் பதிவாகாதுன்னும் கேப்பீங்க. காசு கட்டிப் பாக்கிற சினிமா ஆப்ல பலது ரெக்கார்டிங்கை அனுமதிக்காது. படம் ஓடின இடத்துல கறுப்பாத்தான் இருக்கும். உங்க ஐபேட்ல கோளாறு இல்லை, அந்த ஆப் போட்ட தடை அது. ஃபேஸ்டைம்ல பேசும்போது எடுத்தா அந்தப் பேச்சு வீடியோவுல வராது. ஐபேட்ல தெரியறதை டிவியில காட்டிக்கிட்டே ரெக்கார்டும் பண்ண முடியாது, ரெண்டுல ஒண்ணுதான்.

முடிச்சதும் வீடியோ Photos-க்குப் போயிடுது. அதோட முதல்லயும் கடைசியிலயும் நீங்க Control Center-ஐ மூடினது, Stop-ஐத் தேடினது எல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கும். Edit-ஐத் தொட்டு, கீழ ஓடுற பட்டையோட ரெண்டு முனையையும் உள்பக்கமா நகர்த்தினா அந்தத் துண்டுகள் போயிடும். Done தொட்டதும் Save Video as New Clip-னு ஒண்ணு கேக்கும், அதையே எடுங்க, அசல் பத்திரமா இருக்கும். iCloud Photos இயக்கியிருந்தா இந்த வீடியோ அதே ஆப்பிள் கணக்குல இருக்கிற எல்லாக் கருவிக்கும் போகும். வீட்டுல எல்லாரும் ஒரே கணக்கு வெச்சிருக்கிறவங்க இதை மறந்துடக் கூடாது.

சிவப்பைக் கவனிக்காம விட்டா என்ன ஆகும்? மணிக்கணக்கா ரெக்கார்டிங் ஓடிக்கிட்டே இருக்கும், இடத்தை அடைச்சுக்கும். திடீர்னு இடம் இல்லைன்னு ஐபேட் சொன்னா, Photos-ல Screen Recordings-னு தனி ஆல்பம் இருக்கு, முதல்ல அங்கே போய்ப் பாருங்க. பேரன் எப்பவோ ஆரம்பிச்சுட்டுப் போனது அங்கே இருக்கும். அழிச்சாலும் Recently Deleted-ல 30 நாள் வரைக்கும் கிடக்கும். இடம் உடனே வேணும்னா அங்கேயும் போய் அழிக்கணும்.

மேல ஆரஞ்சுப் புள்ளி, பச்சைப் புள்ளி கூட வருமேன்னு கேக்கிறவங்களுக்கு: ஆரஞ்சுன்னா ஏதோ ஒரு ஆப் மைக்கைப் பயன்படுத்துது. பச்சைன்னா கேமராவைப் பயன்படுத்துது. வீடியோ கால்ல பச்சை வர்றது இயல்பு. அந்தப் புள்ளிகளுக்கும் ஸ்கிரீன் பதிவுக்கும் சம்பந்தம் இல்லை.

கடைசியா, நான் ரொம்பக் கவலைப்படுற விஷயத்துக்கு வரேன். அந்தப் பொத்தானை அழுத்திப் பிடிச்சா பெட்டி விரியும்னு சொன்னேன் இல்லையா, அதுல Photos மட்டும் இருக்காது. ஜூம் மாதிரி ஆப் வெச்சிருந்தா அதோட பேரும் வரிசையில இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தா, கீழ Start Recording இருந்த இடத்துல Start Broadcast-னு மாறிடும். அதைத் தொட்டா உங்க ஸ்கிரீன் இன்னொருத்தர் கண்ணுக்கு நேரடியாப் போகுது. மேல அப்பவும் சிவப்புதான் எரியும். ஆக சிவப்புக்கு ரெண்டு அர்த்தம் உண்டு: ஒண்ணு, வீடியோவா உங்க ஐபேட்லயே சேருது. இன்னொண்ணு, இந்த நிமிஷமே வேற யாரோ பாத்துக்கிட்டு இருக்காங்க.

ஆன்லைன் மீட்டிங்ல நீங்களா ஸ்கிரீன் ஷேர் பண்ணியிருந்தா பரவாயில்லை. ஆனா பேங்க்லேருந்து பேசுறேன், கேஒய்சி அப்டேட் பண்ணணும், இந்த ஆப்பைத் திறந்து Start Broadcast-ஐத் தொடுங்கன்னு போன்ல ஒருத்தர் சொல்லி, நீங்க தொட்டு, மேல சிவப்பு வந்தாச்சுன்னா, அடுத்து வர்ற ஓடிபியை நீங்க வாயால சொல்லவே வேண்டாம். அவரே உங்க ஸ்கிரீன்ல படிச்சுக்குவார். எந்த பேங்கும் உங்க ஸ்கிரீனைப் பாக்கணும்னு கேக்காது. அப்படி யாராவது கேட்டு, சிவப்பு எரிஞ்சுக்கிட்டு இருக்குன்னா, பேசுறவருக்குப் பதில் சொல்லிக்கிட்டு நிக்காதீங்க. சிவப்பைத் தட்டுங்க, Stop-ஐத் தொடுங்க, போனை வைங்க. அது கைக்கு வராம பதற்றமா இருந்தா ஐபேடோட மேல் பொத்தானை அழுத்தி ஸ்கிரீனை அணைச்சுடுங்க. அணைஞ்ச ஸ்கிரீன்ல அவர் படிக்க எதுவும் இருக்காது. பிறகு நிதானமாத் திறந்து, சிவப்பு இன்னும் இருக்கான்னு பாத்து நிறுத்துங்க. அவர் சொல்லி ஏத்தின ஆப் இருந்தா அதையும் நீக்கிடுங்க. காசு போயிருந்தா, உங்க பேங்க் அட்டையோட பின்பக்கம் அச்சடிச்சிருக்கிற நம்பருக்குக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லுங்க. சைபர் குற்றப் புகாருக்கான 1930-க்கும் அன்னிக்கே கூப்பிடுங்க.