டியூப் முனை கண்ணில் படாமல்

சேமிப்பு, கடன் பற்றி எனக்கு முன்னால் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் ஒரு சின்ன டியூப் பற்றிப் பேசுறேன்.

போன ஐப்பசி மழையில எங்க மயிலாப்பூர் பக்கம் வீட்டுக்கு வீடு மெட்ராஸ் ஐ. என் பேரனுக்கு ஒன்றரை வயசு. காலையில பார்த்தா மஞ்சள் பீளை கட்டி இமை ரெண்டும் ஒட்டிக்கிடந்தது. அக்காக்காரிக்கு முன்னாடி வாங்கின பழைய டியூபை என் பொண்ணு எடுத்தா. நான் விடலை. மெட்ராஸ் ஐ பெரும்பாலும் வைரஸால வருவது, ஆன்டிபயாடிக் களிம்பு அதை ஒண்ணும் செய்யாது. பழைய டியூப் ஸ்டீராய்டு கலந்ததா இருந்தா சில கண் நோயை இன்னும் மோசமாக்கும். அதனால எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். 1819-லிருந்து நம்ம ஊரில் இருக்கிற ஆஸ்பத்திரி. பாக்டீரியாவால சீழ் பிடிச்சிருக்குன்னு பார்த்து, களிம்பு எழுதிக் கொடுத்தாங்க.

மருந்து கிடைச்சுது, போடத்தான் தெரியலை. முதல் நாள் அவன் தலையை ஆட்ட, டியூப் முனை இமை மயிரில் பட்டுடுச்சு. பட்டால் என்ன என்று கேட்பீங்க. கண்ணில் உள்ள கிருமி முனையில் ஒட்டிக்கும். அடுத்த வேளை அதே கிருமியை நாமே நல்ல கண்ணுக்கும் கொண்டு போவோம். சுத்தமான பஞ்சால முனையைத் துடைச்சு, ஒரு அரிசி அளவு களிம்பைப் பிதுக்கி வெளியே போட்டேன்.

மறுநாள் நிதானமா செஞ்சோம். சோப்பு போட்டுக் கை கழுவினேன். கொதிச்சு ஆறின தண்ணியில பஞ்சை நனைச்சு, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமா பீளையைத் துடைச்சேன். ஒரு பஞ்சு ஒரு தடவைக்குத்தான். டியூபைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில வெச்சிருந்தா களிம்பு இளகும். பழைய புடவையில கையோட சேர்த்துப் பிள்ளையைச் சுத்தி மடியில படுக்க வெச்சேன், என் பொண்ணு தலையைப் பிடிச்சுக்கிட்டா.

கண்ணை அழுத்தவே கூடாது. விரலைக் கன்னத்து எலும்பு மேல வெச்சு, கீழ் இமையை மெள்ளக் கீழே இழுத்தா உள்ளே சின்னப் பை மாதிரி தெரியும். டியூபைப் படுக்கை வசமாப் பிடிச்சு, முனைக்கும் கண்ணுக்கும் ஒரு விரல் இடைவெளி விட்டு, அரிசி நீளத்துக்கு அந்தப் பையில விட்டேன். இமையை விட்டதும் அவனே கண்ணை மூடிக்கிட்டான். வழிஞ்சதை மட்டும் துடைச்சேன். கண்ணை இறுக்கி மூடி அழுதா மல்லுக்கட்டாதீங்க, தூங்கின பிறகு போடலாம். களிம்பு போட்டதும் கொஞ்ச நேரம் பார்வை மங்கும், ஓட விடாதீங்க. சொட்டு மருந்தும் இருந்தா முதலில் சொட்டு, பத்து நிமிஷம் கழிச்சுக் களிம்பு.

மூணாம் நாள் இமை ஒட்டலை. ஆனாலும் எழுதிக் கொடுத்த நாள் வரைக்கும் போட்டோம். மிச்சத்தைத் தூக்கிப் போட்டாச்சு. அக்காக்காரிக்குக் கண் சிவந்தப்போ, அவளைத் தனியா காட்டி அவளுக்குன்னு மருந்து வாங்கினோம்.

ரெண்டு நாளில் குறையலைன்னா, இமை வீங்கிக் காய்ச்சல் வந்தா, வெளிச்சம் பார்க்க முடியாம தவிச்சா உடனே டாக்டரிடம் போகணும். பிறந்து ஒரு மாசம் ஆகாத குழந்தைக்குச் சீழ் வந்தா அன்னைக்கே போகணும். தாய்ப்பால் விட்டுப் பார்க்கலாம்னு பாட்டிமாருங்க சொல்வாங்க, அந்த ஒரு பேச்சை மட்டும் கேக்காதீங்க.