விடுமுறையைத் தாண்டிப் போகும் நினைவூட்டல்
(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

லிஃப்ட் பராமரிப்பு, காவலர் சம்பளம் எல்லாம் நம் சங்கத்தில் காசோலையாகவே போகின்றன. வங்கி திறந்திருக்கும் நாளில் நினைவூட்டல் வந்தால்தான் அதனால் பயன். கைபேசியில் வேலைநாட்களுக்கு மட்டும் அலாரம் வைத்தால் ஞாயிறு தப்பும், பொங்கல் தப்பாது. அதைவிட முக்கியம், கெடு தேதியே விடுமுறையில் விழுந்தால் நினைவூட்டலை விட்டுவிடக் கூடாது, முந்தைய வேலைநாளுக்கு நகர்த்த வேண்டும்.

இதைக் கூகுள் ஷீட்ஸ், எக்ஸல் இரண்டிலும் ஒரே வரியில் செய்யலாம். A2 கட்டத்தில் கெடு தேதியையும், D பத்தியில் விடுமுறைத் தேதிகளையும் எழுதுங்கள். B2 கட்டத்தில் இதைத் தட்டுங்கள்:

```
=WORKDAY.INTL(A2+1,-1,11,$D$2:$D$60)
```

இந்தச் சூத்திரம் தொடங்கும் நாளை எண்ணாது. அதனால் ஒரு நாள் கூட்டி, ஒரு வேலைநாள் பின்னால் வருகிறோம். கெடு தேதி வேலைநாளாக இருந்தால் அதே தேதி கிடைக்கும். 11 என்றால் வார விடுமுறை ஞாயிறு மட்டும். வங்கிக்கு இரண்டாவது, நான்காவது சனியும் விடுமுறை என்பதால், அந்தத் தேதிகளையும் D பத்தியில் சேருங்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். கெடு 17-1-2026, சனிக்கிழமை. அது மூன்றாவது சனி. ஆனால் உழவர் திருநாள். 16 திருவள்ளுவர் தினம், 15 பொங்கல். மூன்றும் பட்டியலில் இருந்தால் B2-வில் 14, புதன்கிழமை வரும். பட்டியல் காலியாக இருந்தால் 17 என்றே நிற்கும். அன்று போனால் வங்கிக் கதவு பூட்டியிருக்கும். பட்டியலிலிருந்து 16-ஐ மட்டும் அழித்துப் பாருங்கள், விடை 16 என்று மாறும். சூத்திரம் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இதுவே எளிய சோதனை.

தள்ளிப்போடக்கூடிய வேலை என்றால், அடுத்த வேலைநாள் கிடைக்க இப்படி எழுதுங்கள்:

```
=WORKDAY.INTL(A2-1,1,11,$D$2:$D$60)
```

கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, விடுமுறைத் தேதி எழுத்தாகப் பதிந்திருந்தால் கணக்கு தவறும். பக்கத்துக் கட்டத்தில் =ISNUMBER(D2) என்று தட்டுங்கள்; TRUE வந்தால் அது தேதிதான். இரண்டாவது, பட்டியல் டிசம்பரோடு முடிந்துவிடும். அடுத்த ஆண்டு பொங்கலைச் சூத்திரம் வேலைநாளாகவே எண்ணும், எந்த எச்சரிக்கையும் தராது. அரசு விடுமுறைப் பட்டியல் வந்தவுடன் புதிய தேதிகளைச் சேர்த்துவிடுங்கள். ரம்ஜான் போலப் பிறை பார்த்து மாறும் நாட்களை அப்போதே திருத்திக்கொள்ளுங்கள்.

B பத்தியில் வரும் தேதியைக் கைபேசி நாள்காட்டியில் ஏற்றினால் வேலை முடிந்தது. பட்டியலில் பின்னால் திருத்தம் செய்தால், B பத்தியை ஒருமுறை பார்த்து நாள்காட்டியிலும் மாற்றுங்கள்.