எதில் எத்தனை விழுக்காடு?



திருமண அழைப்பிதழ் வடிவமைத்துக் கொடுக்கும் ஒருவர் புதிய கணினித் திரை வாங்கக் கடைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பெட்டிகள் இருக்கின்றன. ஒன்றில் ‘45% NTSC’, அடுத்ததில் ‘99% sRGB’, மூன்றாவதில் ‘125% sRGB’ என்று அச்சிட்டிருக்கிறது. எண் பெரிதாக இருந்தால் திரையும் சிறந்தது என்று எண்ணி, அவருடைய கை மூன்றாவது பெட்டியை நோக்கிப் போகிறது. ஆனால், கேட்க வேண்டிய கேள்வி வேறு: எதில் எத்தனை விழுக்காடு?

sRGB என்பது 1996-இல் ஹியூலட் பேக்கார்டும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து முன்வைத்த பொதுவான வண்ண எல்லை. இணையப் படங்கள் பெரும்பாலும் இதற்குள்தான் அமைகின்றன. NTSC என்பதோ 1953-இல் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்கு வகுத்த, இதைவிடப் பெரிய எல்லை. sRGB-யின் பரப்பு அதில் சுமார் 72 விழுக்காடுதான். ஆகவே 45-ஐ 72-ஆல் வகுத்தால், முதல் திரையின் வண்ணப் பரப்பு sRGB-யில் ஏறக்குறைய 62 விழுக்காடே. அதில் குங்குமச் சிவப்பு மங்கித் தெரியும். வடிவமைப்பாளர் அழுத்தத்தைக் கூட்டுவார். வாடிக்கையாளரின் கைப்பேசியில் அதே சிவப்பு கண்ணை உறுத்தும்.

மூன்றாவது பெட்டியின் 125 என்ன? ஓர் எல்லையை முழுதாக அடக்கினாலும் 100 விழுக்காட்டைத் தாண்ட முடியாது. எனவே, அது பரப்பளவை மட்டுமே ஒப்பிட்ட எண். மேசையைவிடப் பெரிய விரிப்பாக இருந்தாலும், ஒரு பக்கம் சரிந்து கிடந்தால் மறுமூலை வெறுமையாகவே இருக்கும். அதேபோல 125 என்று போட்ட திரையிலும் sRGB-யின் ஒரு மூலை விடுபடலாம்.

அப்படி விடுபடாவிட்டாலும் மற்றொரு சிக்கல் உண்டு. வண்ண எல்லையைக் கவனிக்காத மென்பொருளில், அகன்ற திரை எல்லா நிறங்களையும் மிகைப்படுத்திக் காட்டும். வடிவமைப்பாளர் குறைத்து வைப்பார். மற்றவர் திரையில் அது வெளிறிப்போகும். இதைத் தடுக்கத் திரையின் அமைப்புப் பட்டியலில் ‘sRGB’ என்ற நிலை இருக்க வேண்டும். சில திரைகளில் அந்த நிலைக்கு மாறியதும் வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. கடையிலேயே அழுத்திப் பார்த்துவிடலாம்.

நடுப்பெட்டியின் 99 விழுக்காடு இந்த வேலைக்குப் போதுமானது. ஆனால் அதுவும் எல்லையைத்தான் சொல்கிறது, துல்லியத்தைச் சொல்வதில்லை. துல்லியத்திற்கு ‘டெல்டா இ’ என்ற அளவு இருக்கிறது. சராசரி 2-க்குக் கீழே இருந்தால் நிறப்பிழை கண்ணுக்கு எளிதில் தெரியாது. அச்சு மையின் சில பசுநீலங்கள் sRGB-க்கு வெளியே இருப்பதால், அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் மாதிரித்தாள் ஒன்றை எடுத்துப் பார்ப்பதே பாதுகாப்பு.