எபிசோடு 23: டிவியில தெரியாம போன கடைசி வரி

போன வாரம் ஒரு லிசனர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. "லேப்டாப்ப டிவியில மாட்டினா படம் சரியா உட்கார மாட்டேங்குது, ஓரம் வெட்டுது. டூப்ளிகேட்ல இருந்து எக்ஸ்டெண்ட் மாத்தினா சரியாயிடுமா?" அப்படின்னு. ஒரே வார்த்தையில பதில் சொல்லிடலாம்: ஆகாது. ஆனா ஏன் ஆகாதுங்கறத எங்க மாமா கம்பெனியில நடந்த ஒரு விஷயத்த வெச்சு சொல்றேன்.

திருப்பூர் நல்லூர்ல, காங்கயம் ரோட்டுல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி, மாமா ஒரு சின்ன நிட்டிங் யூனிட் வெச்சிருக்காரு. மேல ஒரு ரூம். அதுல சுவத்துல டிவி. புது ஆர்டர் வந்தா மெர்ச்சண்டைசர் அக்கா லேப்டாப்ப அதுல மாட்டி மெஷர்மென்ட் சார்ட்ட போடுவாங்க. மாமா, கட்டிங் மாஸ்டர், சாம்பிள் டெய்லர் எல்லாரும் நின்னு பார்த்துப் பேசி முடிப்பாங்க. நான் அன்னைக்கு சும்மா டீ குடிக்கப் போனவன்.

ஒரு டி-ஷர்ட்டோட சார்ட். எம் சைஸ் பாடி லெங்த் 71 சென்டிமீட்டர். மாஸ்டர் சுவத்தப் பார்த்துட்டு, "71 தானுங்க, குறிச்சுக்கறேன்"னு நோட்ல எழுதிட்டாரு. அக்கா லேப்டாப்ப பார்த்துட்டே, "மாஸ்டர், அது ஆஃப்டர் வாஷ். கீழ போட்டிருக்குதே"ன்னாங்க. மாஸ்டர் திரும்ப டிவியப் பார்த்தாரு. "எங்கம்மணி போட்டிருக்குது?"

டிவியில இல்ல. லேப்டாப்ல இருக்கு. ரெண்டும் டூப்ளிகேட். அதாவது ரெண்டுலயும் ஒரே படம்தான் ஓடணும். அக்கா திரையில பக்கத்தோட அடியில `All measurements after wash`னு ஒரு வரி இருக்கு. சுவத்துல அந்த வரியே கிடையாது.

இந்த வரிக்கு எவ்வளவு வெயிட்டுன்னு துணி பத்தி தெரியாதவங்களுக்கு சொல்றேன். அந்தத் துணி துவைச்சா நீளவாக்குல 5 சதவீதம் சுருங்கும்னு அவங்க டெஸ்ட் பண்ணி வெச்சிருந்தாங்க. துவைச்ச பிறகு 71 வேணும்னா, வெட்டும்போது 71-ஐ 0.95-ஆல வகுத்து, ஏறக்குறைய 74.7 வெச்சு வெட்டணும். 71-லயே வெட்டினா துவைச்சதும் 67.5 கிட்ட வந்து நிக்கும். மூணரை சென்டிமீட்டர் குட்டை. அதை பையர் எடுக்க மாட்டார்.

சரி, வரி எங்க போச்சு?

நான் முதல்ல பண்ணினது எல்லாரும் பண்றதுதான். செட்டிங்ஸ்ல போய் ரெசல்யூஷன குறைச்சேன். எல்லாம் பெருசாச்சு, மங்கலாச்சு, வரி மட்டும் வரல. அப்புறம் எக்ஸ்டெண்ட் போட்டு அந்த ஃபைல டிவி பக்கம் தள்ளி ஃபுல் ஸ்க்ரீன் பண்ணினேன். அப்பவும் வரல. அங்கதான் எனக்குப் புரிஞ்சது. லேப்டாப் முழுப் படத்தையும் அனுப்புது. டிவிதான் வெட்டுது.

இதுக்குப் பேரு ஓவர்ஸ்கேன். பழைய பிக்சர் டியூப் டிவி காலத்து பழக்கம். அந்த டியூப்ல படத்தோட ஓரம் நேரா நிக்காது, கொஞ்சம் கோணலா ஆடும். அதனால படத்த லேசா பெருசாக்கி, ஓரத்த சட்டத்துக்குப் பின்னாடி மறைச்சுடுவாங்க. டிவி நிகழ்ச்சி எடுக்கறவங்களும் எழுத்தையெல்லாம் ஓரத்துல இருந்து தள்ளியே வைப்பாங்க. ஃப்ளாட் டிவிக்கு இந்தப் பிரச்சினையே இல்ல. ஆனாலும் எச்டிஎம்ஐ-ல வர்றத சினிமான்னு நினைச்சுக்கிட்டு, இன்னும் பல டிவிகள் அதே மாதிரி பெருசாக்கி ஓரத்த வெட்டுது. சினிமால ஓரம் கொஞ்சம் போனா தெரியாது. எக்செல் ஷீட்ல தெரியும்.

இல்ல, தெரியாம போறதுதான் இங்க பிரச்சினை. அந்த ரூம்ல நின்ன நாலு பேருக்கும் ஏன் தெரியலைன்னு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த டிவி ஒவ்வொரு ஓரத்துலயும் சுமார் 5 சதவீதம் வெட்டிட்டு இருந்துச்சு. படம் 1920-க்கு 1080 புள்ளி. அப்போ இடம், வலம் 96 புள்ளி போகுது. மேல, கீழ 54 புள்ளி போகுது.

சார்ட் ஏ4 ஷீட், படுக்கைவாட்டுல. ஃபுல் ஸ்க்ரீன்ல போட்டா பக்கத்தோட உயரம் 210 மில்லிமீட்டர், 1080 புள்ளிக்குள்ள சரியா உட்காரும். அகலம் 1527 புள்ளிதான் வரும். அதனால பக்கத்துக்கு ரெண்டு புறமும் 196 புள்ளி அளவுக்கு வெறும் கறுப்பு இருக்கும். டிவி வெட்டின 96 அந்தக் கறுப்புலதான் போச்சு. பக்கவாட்டுல பார்த்தா பக்கம் முழுசா இருக்குற மாதிரியே தெரியும்.

ஆனா கீழ அந்த மாதிரி காலி இடம் இல்ல. 54 புள்ளின்னா பேப்பர் கணக்குல பத்தரை மில்லிமீட்டர். எக்செல்ல ஃபுட்டர் போட்டா, மாத்தாம விட்டா, அது பேப்பர் அடியில இருந்து 0.3 இன்ச், அதாவது 7.6 மில்லிமீட்டர்ல உட்காரும். சின்ன எழுத்து ஒரு வரி அந்தப் பத்தரைக்குள்ளயே முடிஞ்சுடும். மேல போன பத்தரை வெறும் மார்ஜின். அட்டவணை முழுசா இருக்கு, தலைப்பு இருக்கு, ஃபுட்டர் மட்டும் சுத்தமா இல்ல. யாருக்குச் சந்தேகம் வரும்?

சரி பண்ணினது லேப்டாப்ல இல்ல, டிவி ரிமோட்ல. மெனுவுல பிக்சர் செட்டிங்ஸ் போனா படத்தோட அளவுக்கு ஒரு இடம் இருக்கும். சாம்சங்ல `Picture Size` உள்ள `Screen Fit` இல்லைன்னா `Fit to Screen`. எல்ஜில `Just Scan`. சோனில `Display Area` உள்ள `Full Pixel`. பேரு வேற வேற, அர்த்தம் ஒண்ணுதான்: வர்ற புள்ளிய பெருசாக்காம அப்படியே காட்டு. பல டிவிகள்ல அந்த எச்டிஎம்ஐ இன்புட்டுக்கு `PC`ன்னு பேரு மாத்தினாலே வெட்டுறத நிறுத்திடும். ஒண்ணு கவனிங்க, இது பெரும்பாலும் ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனி. கேபிள அடுத்த ஓட்டைக்கு மாத்தினா திரும்பச் செய்யணும். டிவியில இந்த வசதியே இல்லைன்னா கடைசி வழி, கிராஃபிக்ஸ் டிரைவர் செட்டிங்ஸ்ல படத்த சுருக்கி அனுப்பலாம். ஓரம் வந்துடும், ஆனா எழுத்து கொஞ்சம் மழுங்கும்.

இங்க இன்னொரு குழப்பத்தையும் பிரிச்சுடறேன். ஓரம் வெட்டுப்படறது வேற, கறுப்புப் பட்டை வர்றது வேற. அக்காவோட லேப்டாப் 1920-க்கு 1200, கொஞ்சம் உயரமான திரை. டிவி 1920-க்கு 1080. டூப்ளிகேட்னா கம்ப்யூட்டர் ஒரே ஒரு படத்தத்தான் வரையுது, அதையே ரெண்டு பக்கமும் அனுப்புது. ரெண்டு வேற வேற வடிவத்துக்கு ஒரே சட்டை எப்படிப் பொருந்தும்? 1080 உயரத்துக்கு வரைஞ்சா, டிவிக்குக் கச்சிதம், லேப்டாப்ல மேலயும் கீழயும் 60 புள்ளி கறுப்பு. 1200-க்கு வரைஞ்சா, டிவிக்கு அத சுருக்கணும், இடம் வலம் 96 புள்ளி கறுப்பு, எழுத்தும் அவ்வளவு கூர்மையா இருக்காது. இது கோளாறு கிடையாது, டூப்ளிகேட்டோட இயல்பு. இதுக்குத்தான் எக்ஸ்டெண்ட் மருந்து. அதுல ரெண்டு திரைக்கும் தனித்தனியா படம் வரையும், அதது அளவுக்கு.

ஆக, கறுப்புப் பட்டைன்னா மோடு மாத்துங்க. ஓரம் காணோம்னா ரிமோட்ட எடுங்க. எதுன்னு கண்டுபிடிக்க ஒரு ஜன்னல பெருசாக்கி வெச்சு, மேல வலது மூலையில மூடுற பெருக்கல் குறியும், கீழ டாஸ்க்பார்ல கடிகாரமும் டிவியில முழுசா தெரியுதான்னு பாருங்க. தெரியலைன்னா ஓவர்ஸ்கேன். எல்லாம் தெரியுது, ஆனா மங்கல்னா, விண்டோஸ் 11-ல `Settings > System > Display > Advanced display` போய் டிவியத் தேர்ந்தெடுங்க. அங்க `Desktop mode`, `Active signal mode`னு ரெண்டு வரி இருக்கும். ரெண்டும் வேற எண் காட்டினா, வழியில யாரோ படத்த நீட்டிச் சுருக்கறாங்கன்னு அர்த்தம்.

அக்கா இப்போ `Win + P` அழுத்தி `Extend`தான் வெச்சிருக்காங்க. அதுக்குக் காரணம் வடிவம் மட்டும் இல்ல. காஸ்டிங் ஷீட் லேப்டாப்ல, சார்ட் சுவத்துல. பையர் ரூம்ல உட்கார்ந்திருக்கறப்போ, அடுத்த பையரோட விலை சுவத்துல வந்துடுமோன்னு பயந்துட்டு ஃபைல் திறக்க வேண்டாம். டிவிக்கு மட்டும் `Scale` 150 சதவீதம் வெச்சுட்டா, தூரத்துல இருக்கறவங்களுக்கும் எழுத்து பெருசாத் தெரியும், லேப்டாப் மாறாது.

தொல்லையும் இருக்கு. மவுஸ் சுவத்துப் பக்கம் போய்த் தொலையும். டிவி உங்களுக்கு இடப்பக்கம் இருந்தா, `Display` பக்கத்துல 1, 2-ன்னு இருக்கற பெட்டிய இழுத்து அதே பக்கம் வைங்க, சரியாயிடும். ஒரு ஜன்னல் டிவி பக்கம் மாட்டிக்கிச்சுன்னா `Win + Shift + ←` அல்லது `→`, இந்தப் பக்கம் வந்துடும்.

டூப்ளிகேட்டும் வேணும். மாஸ்டர் சொல்லச் சொல்ல அக்கா சார்ட்ட திருத்தறாங்கன்னா, எல்லாரும் பார்க்கற அதே படத்துல கை வைக்கணும். அப்போ கழுத்தத் திருப்பிட்டே டைப் பண்ண முடியாது. அதுக்கு டூப்ளிகேட்தான் வசதி. பட்டை வந்தா வரட்டும், பட்டை எதையும் மறைக்கறது இல்ல.

மாமா கடைசியா கேட்டாரு, "ஏங் கண்ணு, இத்தன நாளா எத்தன வரிய தின்னிருக்கும் இந்த டிவி?" நான் பதில் சொல்லல. அக்கா ஒரு வேலை பண்ணியிருக்காங்க. அந்த ஆஃப்டர் வாஷ் வரிய ஃபுட்டர்ல இருந்து எடுத்து, அட்டவணைக்குள்ள, எம் சைஸ் காலத்துக்கு மேலயே போட்டுட்டாங்க. இனி எந்த டிவியில மாட்டினாலும் அது போகாது.

உங்க ஆபீஸ் டிவியில கடிகாரம் தெரியுதான்னு நாளைக்கு ஒரு தடவை பாருங்க. தெரியலைன்னா வாய்ஸ் நோட் அனுப்புங்க.